பில்டர் காபி ரீலுக்குக் கேப்ஷன் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேப்ஷன் எத்தனை வரி இருக்கணும்? ரெண்டு வரி போதுமா?

போதும். பதினைந்து சொல்லுக்குள் முடிந்தால் இன்னும் நல்லது. இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்து வரை இடம் தருகிறது. ஆனால் ரீல் ஓடும்போது பார்ப்பவர் கண்ணில் படுவது முதல் வரிதான், சமயத்தில் அதுவும் பாதியில் வெட்டுப்படும். மீதியைப் படிக்க அவர் விரலால் தட்ட வேண்டும், பெரும்பாலும் தட்டமாட்டார். அதனால் முதல் வரியை மட்டும் தனியாக எடுத்துப் படித்தாலும் அது முழுசாக நிற்க வேண்டும். "இன்னிக்குக் காலையில நான் என்ன பண்ணேன்னா..." என்று இழுத்தால், சொல்ல வந்தது எட்டுவதற்கு முன்பே ரீல் முடிந்துவிடும்.

வீடியோவிலேயே எல்லாம் தெரியுதே, கேப்ஷன்ல என்னத்தை எழுத?

வீடியோ கண்ணையும் காதையும் எடுத்துக்கொள்கிறது. மூக்கு, நாக்கு, விரல் ஆகிய மூன்றும் உங்களுக்கு மிச்சம். பொடியின் மேல் வெந்நீர் விழுந்த நொடி எழும்புகிற வாசனை எந்தக் கேமராவிலும் வராது. சூடான டம்ளரை அடியில் பிடிக்க முடியாமல் விளிம்பை இரண்டு விரலால் பிடிக்கிற அந்தச் சூடும் வராது. முதல் வாய்க் கசப்பும், அதன் பின்னால் வரும் பாலின் இனிப்பும் அப்படித்தான். கேப்ஷன் சொல்ல வேண்டியது இவற்றைத்தான்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது: நேரம். இருபது நிமிடக் காத்திருப்பை ரீல் இரண்டு நொடியாகச் சுருக்கிவிடும். காலை நேரத்தின் நிதானமெல்லாம் அந்த வெட்டுப்பட்ட இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர எழுத்தால் முடியும். படத்தில் நுரை தெரியும்போது "நுரை பொங்க" என்று எழுதுவதால் யாருக்கும் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை.

பொடி போடறதுல இருந்து குடிக்கிற வரைக்கும் இவ்ளோ இருக்கே, எதைப் பத்தி எழுதறது?

ஒரு கட்டத்தை மட்டும் எடுங்கள். எது உங்களுக்குச் சரி என்று பார்க்க, இரண்டு டம்ளர் காபிக்கான வேலையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பது உதவும். பில்டரின் மேல் பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி பொடி, குவித்து. அது 20 கிராமுக்குச் சற்று மேலே வரும். லேசாகத் தட்டிச் சமன் செய்து, அமுக்குத் தட்டை மேலே வைத்து, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன தண்ணீரில் 120 மில்லியைச் சுற்றிவர ஊற்றி மூட வேண்டும். பொடி தன் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கீழே இறங்குவது 75 அல்லது 80 மில்லிதான். ஒரு டம்ளருக்கு இதில் பாதி, அதன் மேல் மூன்று பங்கு பால்.

இதற்குள் எழுதத் தகுந்த இடங்கள் நாலைந்து. தண்ணீர் விழுந்ததும் புதுப் பொடி உப்பி, சின்னச் சின்னக் குமிழியாக மூச்சு விடும். வாசனை உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அடுத்தது சொட்டு. வெறும் பாத்திரத்தில் விழும் முதல் சொட்டுகள் உலோகத்தில் கணீரென்று கேட்கும். அடியில் கொஞ்சம் சேர்ந்த பிறகு அதே சொட்டு மெத்தென்று விழும். காதைக் கொடுத்துக் கேட்டால், மூடியைத் திறக்காமலே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பிறகு பால் பொங்கி வரும் நேரம், டிகாஷன் மேல் பால் விழுந்து நிறம் மாறும் நேரம், கடைசியில் ஆற்றுவது.

காலை மூட் வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றியதற்கும் பால் வைப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை எடுங்கள். ஆற்றுவது அழகான காட்சி, அதைப் படம் பார்த்துக்கொள்ளும்.

"கொதிக்கக் கொதிக்க டிகாஷன்"னு எழுதினேன், கமென்ட்ல பிடிச்சுக்கிட்டாங்க. என்ன தப்பு?

டிகாஷனைக் கொதிக்க வைப்பதில்லை. கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தூக்கி நிற்கும். ஆறிப்போன டிகாஷனைச் சூடாக்க வேண்டுமென்றால்கூட வெந்நீரில் கிண்ணத்தோடு வைத்து எடுப்பதுதான் வழக்கம். சூடு பாலில் இருந்து வர வேண்டும். "கொதிக்கக் கொதிக்க" என்பது பாலுக்குப் பொருந்தும், டிகாஷனுக்குப் பொருந்தாது.

இதே வகையில் மாட்டிவிடும் வேறு சொற்களும் உண்டு. "நொடியில் தயார்" என்றால் அது இன்ஸ்டன்ட் காபி. "காய்ச்சிய டிகாஷன்" என்றால் பொடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டியது போல ஆகிவிடும். பில்டரில் டிகாஷன் இறங்கும், அவ்வளவுதான். "டிகாஷன் இறங்கியாச்சா?" என்றுதான் வீட்டில் கேட்கிறோம், கேப்ஷனிலும் அந்த வினையே இருக்கட்டும். "கடைந்த நுரை" என்பதும் ஒட்டாது. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே உயரத்தில் இருந்து ஊற்றும்போது காற்று புகுந்து வருவது அந்த நுரை, அதனால் ஆற்றிய நுரை. தினம் காபி போடுகிறவர்கள் பார்க்கும் ரீல் இது. ஒரு வினை தவறினால்கூட "இவங்க வீட்டில் பில்டர் இருக்கா?" என்று கேட்டுவிடுவார்கள்.

டிகாஷன் இறங்கவே மாட்டேங்குது, சொட்டு ஷாட் வரலை. கேப்ஷன்ல சமாளிச்சுடலாமா?

முதலில் பில்டரைச் சரிசெய்வது சுலபம். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் சொட்டைத் தடுக்கும். மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கித் திருப்பி வையுங்கள். உடனே சொட்ட ஆரம்பித்தால் காரணம் அதுதான். அப்படியும் இறங்காவிட்டால் பொடியை அதிகமாக அமுக்கியிருப்பீர்கள், அல்லது பொடி மாவாக அரைபட்டிருக்கும். வெறும் பாத்திரத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகளில் வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் பழைய பொடி அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி எடுக்கலாம். எவர்சில்வரோ பித்தளையோ ஆனால், அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் கொஞ்ச நேரம் காட்டி, ஆறியதும் தட்டினால் கருகிய தூள் உதிர்ந்துவிடும்.

எதிர்த் தொல்லையும் உண்டு. ஐந்து நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டால் பொடி கொரகொரவென்று இருக்கிறது அல்லது அளவு போதவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தேநீர் போல ஊடே தெரியும். இந்த டிகாஷனுக்குக் கேப்ஷனில் "கள்ளிச்சொட்டு" என்று எழுதினால், பால் சேர்த்த அடுத்த ஷாட்டில் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

படம் எடுப்பது பற்றி ஒரு குறிப்பு: பில்டரில் சொட்டு பாத்திரத்துக்குள்ளே விழுவதால் வெளியே தெரியாது. மேல் பாத்திரம் வாயில் உட்காரும் அளவுள்ள கண்ணாடி டம்ளர் இருந்தால், கீழ்ப் பாத்திரத்துக்குப் பதில் அதை வைத்துப் படம் எடுங்கள். வெந்நீரில் அலசிச் சூடேற்றிய டம்ளராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடலாம்.

"கமகம", "சுடச்சுட", "ஆவி பறக்க" எல்லாம் போட்டா தேய்ஞ்சுபோன மாதிரி இருக்கே?

மூன்றையும் ஒரே வரியில் அடுக்கினால் அப்படித்தான் இருக்கும். அந்தச் சொற்கள் மேல் குற்றமில்லை. எங்கிருந்து வந்த மணம், எதுவரை போனது என்று இடம் சொன்னால் தேய்ந்த சொல்லுக்கும் உயிர் வரும். "கமகமக்கும் காபி" என்பதில் ஒன்றுமில்லை. "அடுப்படியில ஊத்தின தண்ணி, வாசல் வரைக்கும் மணக்குது" என்பதில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டின் நீளமும் தெரிகிறது.

பொதுவாக, பெயரடைகளை எடுத்துவிட்டு, பொருளையும் வினையையும் மட்டும் வைத்துப் பாருங்கள். சுவையான, அருமையான, மணமான, பாரம்பரியமான எல்லாம் போன பிறகு என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் உங்கள் கேப்ஷன். மிச்சம் எதுவும் இல்லையென்றால் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள். வீட்டில் காபிக்கென்றே புழங்கும் பேச்சும் கைகொடுக்கும்: டிகாஷன் தூக்கலா, அரைச் சர்க்கரை, கள்ளிச்சொட்டா, கழுநீராட்டம். விளம்பர மொழியைவிட இவற்றுக்கு ருசி அதிகம்.

காலை மூட் வரணும், ஆனா "குட் மார்னிங்" போட மனசில்லை. எப்படி?

காலையின் ஒரே ஒரு அடையாளம் போதும். கோலம், சுப்ரபாதம், குருவி, சூரிய உதயம் என்று நாலையும் அடுக்கினால் அது காலண்டர் படம். வாசலில் பால் பாக்கெட், இன்னும் போடாத விளக்கு, பக்கத்து வீட்டில் இன்னும் விசில் அடிக்காத குக்கர் என்று இன்னும் நடக்காத ஒன்றைச் சொன்னாலே அதிகாலை வந்துவிடும்.

மணியை எழுதினால் படத்தின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5:45க்கு முன்பே சூரியன் எழுந்துவிடும், ஜனவரிக் கடைசியில் 6:30 தாண்டும். ஜன்னலில் பளீரென்று வெயில் அடிக்கிற வீடியோவுக்கு "காலை அஞ்சு மணி" என்று போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். வெயில் வந்த பிறகுதான் எடுத்தீர்கள் என்றால் மணியை விட்டுவிட்டு, டபரா விளிம்பில் விழும் அந்த வெயிலையே எழுதுங்கள்.

பேச்சுத் தமிழ்ல எழுதலாமா, எழுத்துத் தமிழ்லயா?

இந்த அளவு சின்ன எழுத்துக்குப் பேச்சுத் தமிழ் நன்றாக உட்காரும். எழுத்துத் தமிழும் சரிதான். இரண்டையும் ஒரே கேப்ஷனில் கலந்தால் மட்டும் இடறும். பேச்சுத் தமிழில் எழுதும்போது "எறங்குது" என்று ஒலியை அப்படியே பிடிப்பதைவிட "இறங்குது" என்று எழுதினால் எல்லா ஊர்க்காரரும் நிற்காமல் படிப்பார்கள்.

ஒரு கேப்ஷனை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எழுதிக் காட்ட முடியுமா?

25 நொடி ரீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொடி போடுவது, தண்ணீர் ஊற்றுவது, சொட்டு, பால் பொங்குவது, கலப்பது, ஆற்றுவது என ஆறு ஷாட். பலரும் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

"இனிய காலை வணக்கம்! கமகமக்கும் பாரம்பரிய கும்பகோணம் டிகிரி பில்டர் காபி, ஆவி பறக்க, நுரை பொங்க, வீட்டிலேயே நொடியில் தயார்!"

வணக்கம் முதல் வரியைத் தின்றுவிடுகிறது, எடுத்துவிடலாம். "நொடியில்" பொய். "ஆவி பறக்க", "நுரை பொங்க" இரண்டும் படத்திலேயே தெரிகின்றன. "கும்பகோணம் டிகிரி" என்பது ஒரு வாக்குறுதி, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம். "பாரம்பரிய" என்ற சொல்லை பில்டரே சொல்லிவிடுகிறது. எஞ்சுவது "கமகம" மட்டும். ஆக இந்த ரீலில் உண்மையில் எழுத இருப்பது மணம்தான்.

அந்த மணத்துக்கு ஒரு இடம் வேண்டும். "அடுப்படி மணக்குது" என்றால் மணம் கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது, நகரவில்லை. "வீடு முழுக்க மணக்குது" என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். காலையில் மணம் போய்ச் சேர்ந்தால் எதாவது நடக்கிற இடம் எது? தூங்குகிறவர் பக்கம். அப்போது கேப்ஷன் இப்படி வந்து நிற்கிறது:

"டிகாஷன் மணம் படுக்கை வரைக்கும் வந்தாச்சு.
இனி யாரையும் எழுப்ப வேண்டாம்."

ஒன்பது சொல். முதல் வரி தனியாக நிற்கிறது. "காலை" என்ற சொல் இல்லாமலே காலை வந்துவிட்டது. பெயரடை ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வரியில் "வாங்க காபி குடிக்கலாம்" என்று நீட்டத் தோன்றும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அளவையும் கேப்ஷன்லயே போடணுமா? மூட் கெட்டுடாதா?

மேலே சேர்த்தால் கெடும். இரண்டு வரிக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டுப் போடுங்கள், தட்டிப் பார்க்கிறவருக்கு மட்டும் அது. பொடி, தண்ணீர், நேரம், பால் என நாலு விவரம் போதும்: "80:20 பொடி 3 கரண்டி, தண்ணி 120 மில்லி, 20 நிமிஷம், ஒண்ணுக்கு மூணு பால்." இதைப் போடாவிட்டால் முதல் கமென்ட்டே "என்ன பொடி?" என்றுதான் வரும்.

80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி என்ற அந்த 80:20 விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிக்கரி கூடக்கூட டிகாஷன் கெட்டியாகும், கருக்கும், அடிநாக்கில் ஒரு கருகின இனிப்பு வரும். மணம் மட்டும் குறையும். சிக்கரி இல்லாத பொடியில் மணம் அள்ளும், ஆனால் பால் சேர்த்ததும் காபி நீர்த்துத் தெரியும். இந்தியாவில் விற்கும் காபி-சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டிலும் அச்சிட வேண்டும். திருப்பிப் பாருங்கள். 60:40 பொடி போட்ட ரீலுக்கு மணத்தைப் பற்றி எழுதுவதைவிட நிறத்தையும் கெட்டியையும் எழுதுவது நேர்மை. மேலே எழுதிக் காட்டிய கேப்ஷன் 80:20க்கோ சிக்கரி இல்லாத பொடிக்கோதான் பொருந்தும்.

"கும்பகோணம் டிகிரி காபி"னு போட்டா ரீச் வரும்ங்கறாங்க. போடலாமா?

தண்ணீர் கலக்காத நல்ல பாலும் முதல் டிகாஷனும் இருந்தால் "டிகிரி காபி" என்று போடலாம். படிக்கிறவர்கள் அந்தப் பெயரில் எதிர்பார்ப்பது அது இரண்டையும்தான். அதே பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாஷனும் டோன்டு பாலும் என்றால், நல்ல காபியாகவே இருந்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது. ஊர்ப் பெயரை உங்களுக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இருந்தால் போடுங்கள். தேடுகிறவர்களுக்காகத்தான் என்றால் கேப்ஷனின் அடியில் #filtercoffee, #பில்டர்காபி என்று இரண்டு மூன்று ஹேஷ்டேக் போதும். முதல் வரியில் ஹேஷ்டேக் வேண்டாம்.

வீடியோ மேலயும் எழுத்து வருது, கீழயும் கேப்ஷன் இருக்கு. ரெண்டுலயும் ஒண்ணையே போடலாமா?

வேண்டாம். திரையில் அளவு, கேப்ஷனில் மூட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பொடி போடும்போது "3 கரண்டி", தண்ணீர் ஊற்றும்போது "120 மில்லி", சொட்டின் மேல் "20 நிமிஷம்". திரை எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். அடிப்பக்கத்தைக் கணக்குப் பெயரும் கேப்ஷனும் மறைக்கும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும்.

வாராவாரம் காபி ரீல்தான் போடறேன். கேப்ஷன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருதே?

எப்போதும் கடைசிக் கட்டத்தில், அதாவது குடிக்கிற இடத்திலேயே நிற்பதால் அப்படி ஆகிறது. மூன்றாவது கேள்வியில் சொன்ன கட்டங்களில் வாரத்துக்கு ஒன்றாக நகருங்கள்.

தண்ணீர் ஊற்றும் நேரத்துக்கு: "பொடி ஒரு மூச்சு விட்டுச்சு. தூக்கம் அதோட போச்சு."

சொட்டுக்கு, பின்னணிப் பாட்டு இல்லாமல் சொட்டுச் சத்தத்தையே வைத்து: "இந்தச் சத்தம் மெத்துனு ஆனதும் பால் வைக்கணும்." இது செய்முறைக் குறிப்பாகவும் ஆகிவிடுகிறது.

பாலுக்கு: "அரை நிமிஷம் திரும்பினேன். அடுப்பு குடிச்சது போக மீதி இது." பால் நிஜமாகவே பொங்கி வழிந்த அன்றைக்கு மட்டும் போடுங்கள், வழிந்த அடுப்பையும் வீடியோவில் காட்டுங்கள்.

முதல் வாய்க்கு: "முதல் வாய் கசப்பு. அப்புறம்தான் பால் பேசுது." அரைச் சர்க்கரையோ சர்க்கரை இல்லாமலோ குடிக்கிறவர் எழுதினால் இது சரியாக இருக்கும். மூன்று கரண்டிச் சர்க்கரை விழுவதை அதே ரீலில் காட்டியிருந்தால் வேறு எழுதுங்கள்.

இரண்டாம் டிகாஷனுக்கு, அதை ஒளிக்காமல்: "லேட்டா எழுந்தவங்களுக்கு ரெண்டாம் டிகாஷன்தான்." வீட்டில் தாமதமாக எழுந்திருக்கும் ஆட்களை டேக் செய்ய இது தோதானது, கமென்ட்டும் அவர்களிடமிருந்தே வரும்.